தங்கைக்காக நாற்பது நாள் வசனம்: எதை எடுப்பது, எதை விடுவது?

வாசகர் கடிதம்

வணக்கம் மேடம். பெரம்பூரில் இருக்கிறோம், சி.எஸ்.ஐ. சபை. எனக்கு 47 வயது. போன செப்டம்பரில் என் தங்கையின் கணவர் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். தங்கையும் பத்தாவது படிக்கும் அவள் பையனும் எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறார்கள். 2027 லெந்து நாட்களில் அவள் படிப்பதற்காக, நாளுக்கு ஒரு சின்ன வசனமும் சிறு தியானமுமாக நாற்பது நாளுக்கு நானே தயார் செய்கிறேன். எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்து வாட்ஸப் குரூப்பிலும் போடலாம் என்று ஆசை. வாக்குத்தத்த வசனங்களாக நாற்பது பொறுக்கிவிட்டேன். பாதி தியானங்களை வீட்டிலிருக்கும் ஓர் ஆங்கிலப் புத்தகத்திலிருந்து தமிழாக்கினேன். முன்னோட்டமாக ரோமர் 8:28-ஐ அனுப்பினேன். 'இனிமே எனக்கு வசனம் அனுப்பாதே' என்று கோபப்பட்டுவிட்டாள். நாற்பது நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும், மனசும் மாறிவிடும் என்று நினைக்கிறேன். அவளை எப்படித் தொடர வைப்பது? புதன்கிழமை ஆரம்பித்தால் ஈஸ்டரன்று நாற்பது சரியாக வருமா? மொழிபெயர்த்துப் போடுவது தப்பா? மாதிரிக்கு ஒரு நாள் தியானம் இணைத்திருக்கிறேன்.

ஆலோசகர் பதில்

முதலில் அந்தக் கோபத்தைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் உங்கள் திட்டம் நிற்பதும் விழுவதும் அதில்தான் இருக்கிறது. சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்ற வசனத்தைக் கணவனைப் பறிகொடுத்து சில மாதமே ஆன ஒருத்தியிடம் தனியாக நீட்டினால், 'உன் கணவர் போனதும் நல்லதற்குத்தான்' என்றுதான் காதில் விழும். அந்த அர்த்தத்தில் நீங்கள் அனுப்பவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அதே அதிகாரத்தில் இரண்டு வசனம் முன்னால் பாருங்கள். எப்படி வேண்டிக்கொள்வதென்றே நமக்குத் தெரியாதபோது ஆவியானவர் 'வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு' நமக்காக வேண்டுகிறார் என்று பவுல் எழுதியிருக்கிறார். பெருமூச்சு 26-ல் இருக்கிறது, நன்மை 28-ல் வருகிறது. நீங்கள் 26-ஐத் தாண்டிக் குதித்து 28-ஐக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் பட்டியலில் உள்ள மற்ற வசனங்களும் பெரும்பாலும் இந்த ரகம்தான் என்று நினைக்கிறேன், வாக்குத்தத்தம் என்று பொறுக்கினால் அப்படித்தான் வந்து சேரும். எரேமியா 29:11 கண்டிப்பாக இருக்கும், சரிதானே? 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' காலண்டரிலும் கல்யாணப் பத்திரிகையிலும் பார்த்துப் பழகிய வசனம். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருவது அது, அதற்கு முந்தைய வசனம் எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அதாவது கடிதத்தை வாசித்தவர்களில் பல பேர் ஊர் திரும்பியே இருக்க மாட்டார்கள். அந்த எழுபது வருஷத்தையும் சேர்த்துச் சொல்லுகிற தியானத்தை உங்கள் தங்கை ஒருவேளை வாசிப்பாள். அதை வெட்டிவிட்டுக் கொடுத்தால் மறுபடியும் கோபம்தான் வரும்.

ஆகவே என் யோசனை, நாற்பது இடத்திலிருந்து நாற்பது வசனம் பொறுக்குவதை விட்டுவிடுங்கள். வாரத்துக்கு ஒரே பகுதி, அதிலிருந்து தினம் ஒரு வசனம். இப்படிச் செய்தால் ஒவ்வொரு வசனமும் அதன் அக்கம்பக்கத்தோடேயே வரும், நீங்களும் தினம் புதிதாக முன்கதை சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

நாள் கணக்கு

புதன்கிழமை தொடங்கி விடாமல் எண்ணினால் ஈஸ்டருக்கு முன்பே நாற்பது தீர்ந்துவிடும். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய சனி வரை மொத்தம் 46 நாள், அதில் ஆறு ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை உயிர்த்தெழுந்த நாளாகையால் லெந்துக் கணக்கில் சேர்வதில்லை, ஆறைக் கழித்தால் நாற்பது. 2027-ல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28. முதல் வாரத்தில் புதன் முதல் சனி வரை நாலு நாள், அப்புறம் திங்கள் முதல் சனி வரை ஆறாறு நாளாக ஆறு வாரம். நாலும் முப்பத்தாறும் நாற்பது.

இந்த ஞாயிறுகளைக் காலியாகவே விடுங்கள். வசனம் வேண்டாம், கூடுதல் தியானம் என்று எதுவும் வேண்டாம். இப்படிப்பட்ட திட்டங்கள் பெரும்பாலும் நின்றுபோவது ஒரு நாள் தவறியதால் இல்லை. தவறிய நாள் மூன்று, நாலு என்று சேர்ந்து, அதைப் பார்த்தாலே குற்ற உணர்ச்சி வந்து, மொத்தத்தையும் மூடிவைப்பதால்தான் நிற்கின்றன. ஞாயிறு சும்மா இருந்தால் விட்டுப்போனதில் ஏதாவது ஒன்றை அன்று வாசிக்கலாம், வாசிக்காமலும் இருக்கலாம். திங்கட்கிழமை புதுப் பகுதி தொடங்குவதால் பின்னால் விட்டது முன்னால் வந்து மறிக்காது. முதல் பக்கத்திலேயே 'தவறிய நாளைத் திரும்பப் படிக்க வேண்டியதில்லை' என்று எழுதிவிடுங்கள்.

நாற்பது நாளில் பழக்கமாகிவிடும் என்பதையும் விட்டுவிடுங்கள். லண்டனில் இதை ஒருமுறை ஆராய்ந்தார்கள், 2010-ல் வெளிவந்தது. ஒரு சின்னப் பழக்கம் தானாக நடக்கிற நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் பிடித்தது, ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். அதே ஆய்வில், நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாகக் கெட்டுவிடவில்லை என்றும் தெரிந்தது. அதுவும் தண்ணீர் குடிப்பது, நடப்பது மாதிரியான பழக்கங்களைப் பற்றிய ஆய்வு. துக்கம் பழக்கமில்லை, அதற்கு நாள் குறிக்க என்னாலும் முடியாது.

எந்த வாரம் எது

முதல் முழு வாரத்துக்கு 13-ஆம் சங்கீதத்தைச் சொல்லுவேன். மொத்தமே ஆறு வசனம், திங்கள் முதல் சனி வரை அளந்து தைத்ததுபோல் பொருந்தும். 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று தொடங்குகிறது. இரண்டாம் வசனத்தில் தன் சஞ்சலத்தை 'நித்தம் நித்தம்' இருதயத்திலே வைத்திருப்பதாகச் சொல்கிறார் தாவீது. நாலு வசனம் வரை முறையீடுதான், ஐந்தாவதில்தான் 'நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்' என்று திரும்புகிறது. அதாவது உங்கள் தங்கை வியாழக்கிழமை வரை நம்பிக்கையைப் பற்றி ஒரு வார்த்தையும் வாசிக்கப்போவதில்லை. செவ்வாய்க்கிழமையே கை பரபரக்கும் உங்களுக்கு, ஆறுதலாக ஒரு வரி சேர்க்கலாமே என்று. சேர்க்காதீர்கள். அந்த நாலு நாள்தான் 'உன் கேள்வி வேதத்துக்குள்ளேயே இருக்கிறது' என்று அவளுக்குச் சொல்கிற நாட்கள்.

இரண்டாம் வாரத்துக்கு ரூத் முதல் அதிகாரம். நகோமி ஊர் திரும்பியதும் தன்னை மாராள் என்று கூப்பிடச் சொல்லி, சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார் என்று நடுத்தெருவில் நின்று சொல்கிறாள். யாரும் அவளைக் கண்டித்ததாக எழுதியிருக்கவில்லை. இதில் ஒன்றைக் கவனியுங்கள், ஐந்தாம் வசனத்தில் நகோமியின் இரண்டு மகன்களும் இறந்துபோகிறார்கள். ஒரே பையனை வைத்துக்கொண்டு அவனுக்குக் காய்ச்சல் வந்தாலே பதறுகிற அம்மாவுக்கு அதை ஒரு நாளின் வசனமாகத் தனியே எடுத்துக் கொடுக்க வேண்டாம். 3, 8, 13, 16, 20, 22 போதும். அதிகாரத்தை அவளாக முழுக்க வாசித்தால் அது வேறு.

மூன்றாம் வாரம் யோவான் 11. 'ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்' என்று மார்த்தாள் 21-ல் சொல்கிறாள், மரியாளும் 32-ல் அதையேதான் சொல்கிறாள். நேரத்துக்கு ஆம்புலன்ஸ் வந்திருந்தால், அன்றைக்கு வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால் என்று உங்கள் தங்கை ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டிருக்கும் அதே நினைப்பு. 3, 6, 20, 21, 32 என்று போய் சனிக்கிழமை 35-ல் நின்றுவிடுங்கள், 'இயேசு கண்ணீர் விட்டார்.' 44-ல் லாசரு வெளியே வருகிறான், அதை இந்த வாரத்தில் வைக்காதீர்கள். அவன் வந்தான், என் கணவர் வரவில்லையே என்று அவள் கேட்டால் மூன்று வரித் தியானத்தில் உங்களால் பதில் சொல்ல முடியாது.

நாலாம் வாரம் 23-ஆம் சங்கீதம், ஐந்தாம் வாரம் 126. இரண்டும் ஆறு ஆறு வசனம். 23-ல் முதல் மூன்று வசனமும் கர்த்தரைப் பற்றிப் பேசுகிறது, நாலாவதில் மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் பேச்சு நேரே அவரிடமே திரும்பிவிடுகிறது, 'தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்' என்று. அந்த வியாழக்கிழமைத் தியானத்துக்கு இந்த ஒரு கவனிப்பே போதும். 128-உம் ஆறு வசனம்தான், எண்ணிக்கை பொருந்துகிறதே என்று எடுத்துவிடாதீர்கள். மனைவி கனிதரும் திராட்சக்கொடி, பிள்ளைகள் பந்தியைச் சுற்றிலும் ஒலிவமரக் கன்றுகள் என்று நிறைந்த வீட்டைப் பாடுகிற சங்கீதம் அது. இந்த வருஷம் அவளுக்கு வேண்டாம்.

கடைசி வாரம் பாடுகளின் வாரம், மாற்கு 14, 15. பெரிய வெள்ளியன்று 15:34. நாற்பதாம் நாள் சனிக்கிழமை வருகிறது, ஈஸ்டர் அன்றல்ல. கல்லறையைப் பார்த்துவிட்டு வந்த பெண்கள் ஓய்வுநாளில் ஓய்ந்திருந்தார்கள் என்று லூக்கா 23-ன் கடைசி வசனத்தில் இருக்கிறது, அந்த ஒன்றை மட்டும் லூக்காவிலிருந்து எடுத்து அங்கே வையுங்கள். உயிர்த்தெழுதலை ஒருநாள் முன்னதாக உள்ளே இழுத்துவர வேண்டாம், மறுநாள் விடியற்காலை ஆராதனையில் சபையே பாடப்போகிறது.

உங்கள் மாதிரித் தியானம்

எலியாவை எடுத்தது அருமையான தேர்வு. 1 இராஜாக்கள் 19:7, 'எழுந்திருந்து போஜனம்பண்ணு. நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்.' அடுத்த வசனத்திலேயே நாற்பது நாள் இரவும் பகலும் நடந்தான் என்று வருவதால் முதல் நாலு நாளில் ஒன்றாக, பிப்ரவரி 13 சனிக்கிழமைக்கு வைக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது, 'எலியாவைப் போல நாமும் சோர்வுகளை உதறிவிட்டு எழும்பி, தேவன் நமக்கு வைத்திருக்கும் ஓட்டத்தை ஜெயமாய் ஓடுவோம்' என்று போகிறது. அந்தப் பகுதியில் எலியா சோர்வை உதறவே இல்லையே. சாப்பிட்டான், திரும்பவும் படுத்துக்கொண்டான். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

'எலியா ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான். எழுப்பிய தூதன் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்தான், அதற்கும் யாரும் கோபிக்கவில்லை. இரண்டாம் தரம் எழுப்பும்போதுதான் பிரயாணத்தைப் பற்றிய பேச்சே வருகிறது. இன்றைக்கு மத்தியானம், பையன் வரட்டும் என்று காத்திராமல், சோறு சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிடு.'

ஐம்பது வார்த்தை சுமாருக்கு. போன் திரையில் தள்ளாமல் வாசிக்கலாம். வசனத்தில் என்ன நடக்கிறது, அதில் எளிதில் கண்ணில் படாத ஒன்று, கடைசியில் அன்றைக்கே செய்யக்கூடிய சின்ன விஷயம் ஒன்று. கடைசி வரி தினமும் வேண்டாம், வாரத்தில் இரண்டு நாள் போதும். 'நாம்' என்று போட்டுப் பிரசங்கம் பண்ண வேண்டாம், அவள் சார்பில் ஜெபத்தையும் எழுத வேண்டாம், அவள் சொல்ல நினைக்காததை அவள் வாயில் வைப்பது ஆகிவிடும். எழுதி முடித்ததும் ஒரு சோதனை வையுங்கள். இந்த வரியை அடக்கத்தன்று அந்த வீட்டு வாசலில் நின்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பீர்களா? மாட்டேன் என்றால் அடித்துவிடுங்கள்.

மொழிபெயர்ப்பும் உரிமையும்

தமிழாக்கிவிட்டால் நம்முடையது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி மொழிபெயர்க்கும் உரிமையும் எழுதியவருடையதுதான், அவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் அது நீடிக்கும். காசு வாங்கவில்லை என்பதால் மட்டும் சரியாகிவிடாது. பேரைச் சொல்லி ஓரிரு வரி எடுத்துக்காட்டுவது ஒன்று, இருபது தியானத்தை முழுசாகத் தமிழில் போட்டு முப்பது பேருக்கு அனுப்புவது வேறு, அதற்கு அனுமதி எழுதிக் கேட்க வேண்டும். சபைகளில் வாசிக்கிற பழைய தமிழ் வேதாகமம் 19-ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பு, அதிலிருந்து நாற்பது வசனம் எடுப்பதில் சிக்கல் இருக்காது. புதிய மொழிபெயர்ப்புகளுக்கு உரிமை உண்டு, எத்தனை வசனம் எடுக்கலாம் என்பதைப் புத்தகத்தின் முன்பக்கங்களிலேயே அச்சிட்டிருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தை விடுங்கள், அந்த இருபதும் உங்கள் தங்கைக்கு ஒட்டாது. ஆங்கிலப் புத்தகம் எழுதியவருக்கு மாடிப்படியும் பத்தாவது பரீட்சையும் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

குரூப்பா, தங்கையா

இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். இவளுக்கென்று எழுதியதைச் சங்கத்துக்கும் கொடுக்கலாம், நன்றாகவே இருக்கும், சபையில் துக்கத்தோடு இருப்பது இவள் ஒருத்தி மட்டும் இல்லை. ஆனால் 'என் தங்கைக்காக எழுதியது' என்ற ஒரு வரியும் அங்கே போகக் கூடாது. அவளை அந்தக் குரூப்பில் வைத்து, யார் 'ஆமென்' போட்டார்கள், நீலக்குறி வந்ததா என்று எண்ணவும் கூடாது. அவளுக்கு ஒரு நோட்டில் கையால் எழுதிக் கொடுங்கள். வாசித்தாளா இல்லையா என்று உங்களுக்குத் தெரியவராத வழி அதுதான், தெரியாமல் இருப்பதே நல்லது. தொடர வைப்பது உங்கள் வேலை இல்லை.

அதற்கும் முன்னால் அவளிடம் கேளுங்கள். அனுப்பாதே என்று வாய்விட்டுச் சொன்னவளுக்குத் தெரியாமல் நாற்பது நாள் தயார் செய்துகொண்டிருக்கிறீர்கள். '13-ஆம் சங்கீதத்தை வைத்து ஆறு நாளுக்கு எழுதியிருக்கிறேன், மேஜைமேல் வைக்கட்டுமா?' என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் அந்த நோட்டு உங்களுக்கு, அவளுக்கு மாடியேறிப் போய்ப் பையனுக்கு டிபன் கட்டிக் கொடுங்கள். பரீட்சை நேரத்தில் அது இன்னும் உதவும்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். கோபம், அழுகை, சபைக்கு வர மறுப்பது எல்லாம் இந்தக் கட்டத்தில் இருக்கக்கூடியதுதான். ஆனால் வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லாமல் போனாலும், பையனைக் கவனிக்க முடியாமல் போனாலும், நானும் போய்விட்டால் நல்லது என்று ஒரு தடவை பேச்சுவாக்கில் சொன்னாலும், வசனத்தை ஓரமாக வைத்துவிட்டு மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அப்படி நினைக்கிறாளா என்று அவளிடம் நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. 14416 டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 104-உம் இருக்கிறது, இரண்டிலும் எந்த நேரமும் தமிழில் பேசலாம். அவள் அப்படிப் பேசுகிறவளாக இருந்தால் எலியா நாளை எடுத்துவிடுங்கள், அவன் சாவைக் கேட்கிற வரி அதே பகுதியில் இருக்கிறது.

கடைசியாக வேலைத் திட்டம். நாற்பதையும் முடித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். சாம்பல் புதனுக்கு முன் முதல் நாலு நாளும் 13-ஆம் சங்கீதத்து ஆறும், ஆக பத்து தயாராக இருந்தால் போதும். மீதியை வாரம் ஒன்றாக எழுதுங்கள், அப்போதுதான் அந்த வாரம் அவள் எப்படி இருக்கிறாள் என்பதைப் பார்த்துப் பகுதியை மாற்ற முடியும். பையனின் பொதுத்தேர்வு அட்டவணை வந்ததும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், கணக்குப் பரீட்சை அன்றைக்கு வசனம் மட்டும் போதும், தியானம் வேண்டாம்.